கண்ணாடியில் ஒட்டிய கல்யாணப் படம்: ஒரு மறுசீரமைப்புக் கோரிக்கைக் கடிதமும் அதன்படி நடந்த பணியும்

பின்னணி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்த பிறகு, பழைய புகைப்படங்களை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோக்களுக்கு வந்தவர்கள் பலர். அப்படி எங்களிடம் வந்த ஒரு படத்தைப் பற்றியும், அதற்காக ஒரு குடும்பம் எழுதிய கடிதத்தைப் பற்றியும் இங்கே பதிவு செய்கிறேன். பழைய படங்களைச் சீரமைக்கும் வேலையை எங்கள் ஸ்டுடியோவில் நான் பார்த்துவருகிறேன். குடும்பத்தாரின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன் என்றாலும், பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

படம் 1967-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நடந்த ஒரு திருமணத்தின்போது, அருகிலிருந்த சிற்றூர் ஸ்டுடியோ ஒன்றில் எடுக்கப்பட்டது. திரைச்சீலை முன்னால் மணமகன் நாற்காலியில் அமர்ந்திருக்க, மணமகள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் வழக்கமான அமைப்பு. 12 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் கொண்ட கறுப்பு வெள்ளைப் பிரிண்டை, ஸ்டுடியோவின் பெயர் அழுத்தி அச்சிட்ட தடித்த அட்டையில் ஒட்டித் தேக்குச் சட்டம் போட்டிருந்தார்கள். படமெடுத்த ஸ்டுடியோவை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. நெகட்டிவ் கிடைக்கும் வாய்ப்பே இல்லை. இந்த ஒரு பிரிண்டைத் தவிர அந்தக் காட்சிக்கு வேறு பிரதி கிடையாது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சுவரில் உயரத்தில் தொங்கிய படம் வெள்ளத்தில் மாட்டியதற்குக் காரணம், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக அதைக் கழற்றி அறை மூலையில் சாய்த்து வைத்திருந்ததுதான். தண்ணீர் சட்டத்தின் பாதி உயரம்வரை நின்றிருக்கிறது. வடிந்த பிறகு வீட்டார் படத்தைச் சட்டத்தோடு அப்படியே மாடி வெயிலில் காயப்போட்டார்கள்.

முதலில் வந்த செய்தி

2024 ஜனவரியில், மணமக்களின் மூத்த மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அப்பா காலமாகிவிட்டார் என்றும், அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது என்றும் சொல்லி, பழைய கல்யாணப் போட்டோ வெள்ளத்தில் நனைந்துவிட்டதால் அதைப் புதிது போல ஆக்கி, கலராக்கி, பெரிதாக்கி நான்கு காப்பி தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார். கூடவே கைப்பேசியில் எடுத்த ஒரு படமும் இருந்தது. அதில் கண்ணாடியில் பட்ட விளக்கொளியும் எடுத்தவரின் நிழலும் தெரிந்தனவே தவிர, சேதம் எங்கே, எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை.

இத்தகைய செய்திக்கு ஒரு தொகையைச் சொல்லி வேலையை வாங்கிப் போட்டுவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ‘புதிது போல’ என்று வாடிக்கையாளர் நினைப்பதும் டச்சிங் செய்பவர் நினைப்பதும் ஒன்றல்ல. டச்சிங் செய்பவருக்கு அந்த மனிதரைத் தெரியாது. சுருக்கத்தை நீக்குவது, முகத்தை வெளுப்பாக்குவது, புள்ளிகளைத் துடைப்பது எல்லாம் அவர் கணக்கில் நல்ல வேலை. படத்தைத் திரும்ப வாங்கும் நாளில்தான் வாக்குவாதம் தொடங்கும்.

எனவே நாங்கள் விலை சொல்வதற்கு முன் சில கேள்விகளை அனுப்பினோம். அவற்றில் முக்கியமானது, படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்பது. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சட்டத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்வாகப் பார்த்தால், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே காற்று இருக்கும் இடம் சற்று மங்கலாகத் தெரியும். ஒட்டிய இடம் ஈரத்துணி போலக் கறுத்து, பளபளப்பாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் சில நேரம் வானவில் நிறக் கோடுகளும் தோன்றும். ஒட்டியிருந்தால் எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தோம்.

பதில் வருவதற்குள் அவருடைய தம்பி பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கி, அட்டையின் கீழ்மூலை ஒன்றை இரண்டு விரல் அகலத்துக்கு உரித்துவிட்டிருந்தார். காகிதம் கையோடு வர, படம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உரிந்த இடம் மணமகளின் பாதமும் சேலைக் கரையும் இருந்த மூலை.

எழுதி வாங்கிய கடிதம்

எங்கள் கேள்விகளை வைத்துக்கொண்டு, மகள் தம் தாயிடமும் அத்தையிடமும் கேட்டு, முறையாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதமே பின்னர் பணிக் குறிப்பாகவும் பயன்பட்டதால், முகவரிப் பகுதியை விட்டுவிட்டு ஏனையதை அவர் எழுதியபடியே தருகிறேன்.

“ஐயா, வணக்கம்.

பொருள்: வெள்ளத்தில் சேதமடைந்த 1967-ஆம் ஆண்டுத் திருமணப் புகைப்படத்தைச் சீரமைத்து மறு அச்சிட்டுத் தருமாறு கோருதல்.

எங்கள் பெற்றோரின் திருமணப் படம் டிசம்பர் வெள்ளத்தில் பாதி உயரம்வரை நனைந்துவிட்டது. தாங்கள் சொன்னபடி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததில், அப்பாவின் முகத்துக்குக் கீழே உள்ள பகுதி முழுவதும் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதாகத் தெரிகிறது. அம்மாவின் முகமும் அதற்கு மேலே உள்ள திரையும் ஒட்டவில்லை. வலது கீழ்மூலையில் தம்பி சிறிது உரித்துவிட்டான். அம்மாவின் கால் மெட்டி கண்ணாடியிலேயே இருக்கிறது. கண்ணாடியை எறியாமல் வைத்திருக்கிறோம். ஈரம் நின்ற உயரத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று குறுக்கே ஓடுகிறது. அந்தக் கோட்டின் ஓரத்தில், அப்பாவின் வாயின் ஒரு பக்கமும் தாடையும் அரித்துப் போயிருக்கின்றன.

சீரமைக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். அம்மாவின் வலது கன்னத்தில் உள்ள புள்ளி மச்சம். தூசி என்று அழித்துவிட வேண்டாம். அப்பாவின் தாடையில் இடப்பக்கம், சிறு வயதில் பனைமட்டைக் கருக்கு கிழித்த தழும்பு உண்டு. அது இருந்த இடம்தான் இப்போது அரித்துப் போயிருக்கிறது. இருவருமே மாநிறத்துக்கும் கீழான நிறம். முகத்தை வெளுப்பாக்க வேண்டாம். மூக்குத்தி, காசுமாலை, அப்பாவின் கைக்கடிகாரம் ஆகியவற்றில் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

முன்பு கலராக்கித் தருமாறு கேட்டிருந்தேன். அதை விட்டுவிடலாம். கூறைச் சேலை அரக்கு நிறம் என்று அம்மா சொல்கிறார்கள். அத்தையோ மாம்பழ நிறம் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும்.

அதே 12-க்கு 10 அளவில் ஒன்றும், 10-க்கு 8 அளவில் மூன்றும் தேவை. மூலப் படத்தைக் கண்ணாடியோடு எங்களிடமே திருப்பித் தர வேண்டுகிறேன். அச்சிடும் முன் மாதிரி ஒன்றை அம்மாவிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். சொன்ன தொகைக்கு மேல் வேலை நீளுமானால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள” என்று முடித்துக் கையெழுத்திட்டிருந்தார்.

இந்தக் கடிதத்தில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டவை இரண்டு. ஒன்று, கண்ணாடியை எறியவில்லை என்ற தகவல். இன்னொன்று, மச்சத்தையும் தழும்பையும் பற்றிய இரண்டு வரிகள். சேதத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மச்சம் எது, பூஞ்சைப் புள்ளி எது என்பதைக் குடும்பத்தார்தான் சொல்ல முடியும்.

அடுத்த பதிலில், மணமகன் அதே வயதில் இருக்கும் வேறு படங்கள் எவை இருந்தாலும், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், கொண்டுவருமாறு கேட்டுக்கொண்டோம். மூலப் படத்தைக் கண்ணாடி மேலே இருக்கும்படி படுக்கை வாட்டில் வைத்து, மேலும் கீழும் அட்டை கொடுத்துக் கட்டிக் கொண்டுவரச் சொன்னோம்.

நேரில் கண்டவை

படம் வந்ததும் இருந்த நிலையிலேயே முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சம் என்று தனித்தனியாகப் படமெடுத்து வைத்தோம். பின்னால் ஏதேனும் உரிந்ததாகவோ உடைந்ததாகவோ பேச்சு வந்தால் இந்தப் பதிவுதான் இரு தரப்புக்கும் துணை.

கடிதத்தில் எழுதியிருந்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதில் இல்லாத ஒன்றும் தெரிந்தது. படத்தின் மேல் விளிம்புகளில், கறுப்பு அடர்ந்த இடங்களில், சாய்த்துப் பார்த்தால் நீலங்கலந்த வெள்ளிப் பூச்சு போன்ற மினுமினுப்பு. இது வெள்ளத்தால் வந்ததல்ல. பிரிண்டில் உருவத்தைத் தாங்கும் வெள்ளித் துகள்கள் பல ஆண்டுக் காற்றிலும் ஈரத்திலும் கரைந்து மேற்பரப்புக்கு வந்து மீண்டும் வெள்ளியாகப் படிவதால் உண்டாவது. நேரே பார்க்கும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஸ்கேனரில் வைத்தால் அந்த இடமெல்லாம் புகை படர்ந்தது போல வெளுத்துத் தெரியும்.

தாடைப் பகுதியில் நடந்திருந்தது வேறு. தண்ணீர் நின்ற மட்டத்தின் விளிம்பில்தான் ஈரம் நெடுநேரம் தங்கும், அழுக்கும் அங்கேதான் சேரும், பூஞ்சையும் அங்கேதான் முதலில் பிடிக்கும். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சைக்கு உணவு. மணமகனின் வாயின் இடது கோணத்திலிருந்து தாடையின் அடிவரை, கட்டைவிரல் நகம் அளவுக்குப் படலமே இல்லாமல் காகிதம் வெளுத்துக் கிடந்தது. அதன் மேல் ஓரத்தில், ஒரு மெல்லிய வெளிர்கோட்டின் முனை மட்டும் மிஞ்சியிருந்தது. கடிதத்தைப் படித்திராவிட்டால் அதைக் கீறல் என்றே எடுத்துக்கொண்டிருப்போம். அது தழும்பின் தொடக்கம்.

கண்ணாடியிலிருந்து பிரிக்காமல் விட்டது

குடும்பத்தார் எதிர்பார்த்தது, ஸ்டுடியோவில் எதையாவது செய்து படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது. அதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

நனைந்த ஜெலட்டின் உப்பிப் பசைபோலாகிக் கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது. காய்ந்ததும் காகிதத்தைப் பற்றியிருப்பதைவிடக் கண்ணாடியை இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. உரித்த மூலையில் நடந்தது அதற்குச் சான்று. தண்ணீரில் ஊறவைத்தால் பிரிந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு, சில படங்களில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தன் கட்டுறுதியை இழந்து தண்ணீரில் கரையும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. அப்படிப்பட்ட படத்தை ஊறவைத்தால், மிஞ்சியிருக்கும் முகமும் கஞ்சி போலக் கரைந்து போகலாம். அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர்கள் இதற்கென்று சில வழிகளைக் கையாள்வார்கள். அவர்களும் உறுதி சொல்லிச் செய்வதில்லை.

மாறாக, ஒட்டிய நிலையிலும் படம் கண்ணாடி வழியே நன்றாகத் தெரிந்தது. பார்க்கப்போனால் ஒட்டிய இடத்தில் இடையே காற்று இல்லாததால் கறுப்பு இன்னும் ஆழமாகவே தெரிகிறது. நமக்குத் தேவை படத்திலுள்ள தகவல். அது கண்ணாடி வழியே கிடைக்கும்போது ஒரே பிரதியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. மகள் இதை உடனே ஏற்றுக்கொண்டார். தம்பிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. உரிந்த மூலையைக் காட்டிப் பேசியதும் அவரும் ஒத்துக்கொண்டார்.

படியெடுத்தல்

ஸ்கேனரைப் பயன்படுத்தவில்லை. ஸ்கேனரின் கண்ணாடி மேல் சட்டக் கண்ணாடியை வைத்தால் இரண்டு கண்ணாடிகளுக்கிடையே வளைய வளையமாக நிறக் கோடுகள் விழும். விலை குறைந்த, தட்டையான ஸ்கேனர்களில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் படம் தெளிவாகவும் விழாது. ஆகவே கண்ணாடியின் வெளிப்புறத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்துவிட்டு, மேலிருந்து நேர்செங்குத்தாகப் பார்க்கும்படி பொருத்திய கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டுப் படியெடுத்தோம். துடைக்கும்போது கண்ணாடி மேல் நேரடியாக எதையும் தெளிப்பதில்லை. ஓரத்தில் வழிந்து உள்ளே போய்விடும்.

விளக்குகள் இரண்டையும் இருபுறமும் 45 டிகிரியில் வைத்து, விளக்குகளின் முன்னால் போலரைசிங் தாளும் லென்ஸின் முன்னால் போலரைசிங் ஃபில்டரும் பொருத்தி, ஃபில்டரைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் கண்ணாடியின் பளபளப்பு அணைந்துபோகும். மேல் விளிம்புகளின் வெள்ளி மினுமினுப்பும் அதே நிலையில் பெருமளவு அடங்கியது. அதன் கீழே மறைந்திருந்த திரைச்சீலையின் மடிப்புகள் எந்த டச்சிங்கும் இல்லாமலே வெளிவந்தன.

உரிந்த மூலையில் முதலில் கறுத்த கறை ஒன்றுதான் தெரிந்தது. பிரிண்டில் வெளிச்சமான பகுதியாக நாம் பார்ப்பது படலத்தின் பின்னாலுள்ள வெள்ளைக் காகிதத்தை. அந்தக் காகிதம் அங்கே இல்லை. உரிந்து தொங்கிய அட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில், கண்ணாடியில் உரசாதபடி, ஒரு வெள்ளைத் தாளை நுழைத்துப் பிடித்தோம். பாதமும், இரண்டாவது விரலில் மெட்டியும், சேலைக் கரையின் கட்டங்களும் அப்படியே தெரிந்தன. அந்த மூலைக்கு வரைந்து நிரப்பும் வேலையே தேவைப்படவில்லை.

24 மெகாபிக்சல் கேமராவில் 10 அங்குல அகலத்துக்கு 4000 புள்ளிகள், அதாவது அங்குலத்துக்கு 400 புள்ளிகள் கிடைத்தன. அதே அளவில் அச்சிடுவதற்கு இது போதுமானதற்கும் மேல். இரண்டு முகங்களையும் மட்டும் நெருக்கத்தில் தனியாக எடுத்துக்கொண்டோம். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தும் வண்ணத்தில்தான் எடுத்தோம். பழுப்புக் கறை நீல வடிகட்டலில் கறுப்பாகவும், சிவப்பு வடிகட்டலில் மிக மெல்லியதாகவும் விழும். வெள்ளித் துகளால் ஆன உருவமோ எல்லா நிறத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வண்ணக் கோப்பிலிருந்து சிவப்பு சானலை மட்டும் தனியே எடுத்தபோது, குறுக்கே ஓடிய கறைக்கோடு பெரும்பாலும் மறைந்தது. எஞ்சிய தடத்தைக் கையால் சரிசெய்தோம். நேரடியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் மணமகனின் சட்டை முழுவதையும் கறையோடு சேர்த்துத் தேய்க்க வேண்டியிருந்திருக்கும்.

தாடையை நிரப்பியது எதை வைத்து

மற்ற இடங்களில் இருந்ததை வெளிக்கொணர்ந்தோம். இங்கே இல்லாததை வைக்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் ஸ்டுடியோக்களில் கையாளப்படும் எளிய வழி, முகத்தின் நல்ல பாதியை எடுத்துத் திருப்பி மறுபாதியில் ஒட்டிவிடுவது. எந்த முகத்திலும் இரண்டு பாதிகளும் ஒன்றாக இருப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்க, இந்தப் படத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுந்திருந்தது. திருப்பி ஒட்டினால் நிழல் விழ வேண்டிய தாடையில் வெளிச்சம் விழும். அறியாதவருக்கும் ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

குடும்பத்தார் கொண்டுவந்த துணைப் படங்கள் இரண்டு. ஒன்று, அதே திருமண நாளில் எடுத்த குழுப்படம். அத்தையின் வீட்டில் இருந்தது. அதில் மணமகனின் முகம் ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. மற்றொன்று, 1970-களில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அடையாள அட்டைக்காக எடுத்த படம்; முகம் பெரிதாக, நேராக, தெளிவாக இருந்தது. பார்த்தவுடன் இரண்டாவதையே பயன்படுத்தத் தோன்றும். ஆனால் அதற்குள் அவருக்குச் சதை போட்டிருந்தது. தாடையின் அமைப்பு மணநாளில் இருந்ததைப் போல இல்லை. ஆகவே தாடையின் வெளிக்கோட்டுக்கும் வாயின் கோணத்துக்கும் குழுப்படத்தையும், தழும்பின் நீளத்துக்கும் சாய்வுக்கும் அடையாள அட்டைப் படத்தையும் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

குழுப்படத்தை அங்குலத்துக்கு 2400 புள்ளிகளில் ஸ்கேன் செய்தும் கிடைத்தது வடிவம் மட்டுமே. அவ்வளவு சிறிய முகத்தில் தோலின் தன்மை எதுவும் இருக்காது. வடிவத்தை அங்கிருந்து பெற்று, தோலின் சாயலை மூலப் படத்தில் பக்கத்திலிருந்த கன்னத்திலிருந்து எடுத்து நிரப்பினோம். மிஞ்சியிருந்த தழும்பின் முனையும் அடையாள அட்டையில் தெரிந்த சாய்வும் பொருந்தியதால், இடைப்பட்ட பகுதியை வரைவதற்கு ஓர் ஆதாரம் இருந்தது. அது பொருந்தாமல் போயிருந்தால், முனையை மட்டும் விட்டுவிட்டு மீதியை வரையாமல் இருப்பது என்பதே எங்கள் எண்ணம்.

ஒப்புதல்

கடிதத்தில் கேட்டபடி மாதிரியை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மகளும் தம்பியும் நன்றாக இருப்பதாகப் பதில் அனுப்பினார்கள். உறவினர் ஒருவர், முகத்தை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கலாமே என்று சொன்னதாகவும் தகவல் வந்தது. கடிதத்தின் வாசகத்தைச் சுட்டிக்காட்டியதும் மகளே அதை நிறுத்திவிட்டார்.

தாயார் கைப்பேசியில் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டதால், முகப்பகுதியை மட்டும் மூல அளவிலேயே ஒரு சிறு தாளில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் அவரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினோம். அதைப் பார்த்த பிறகு அவர் சொன்னது, மகள் எழுதி அனுப்பியபடி, “அவுகளுக்கு நாடி இம்புட்டு உருண்டையா இருக்காது, கீழ கொஞ்சம் சதுரமா இருக்கும்” என்பது. குழுப்படத்தை மீண்டும் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று புரிந்தது. அந்தப் படத்தில் மணமகன் தலையைச் சற்றுத் தாழ்த்தியிருந்ததால் தாடையின் அடிக்கோடு வளைந்து தெரிந்திருக்கிறது. அடிக்கோட்டை ஒரு மயிரிழை கீழிறக்கி, கோணத்தைச் சற்று விரித்ததும், அடுத்த மாதிரியை அவர் ஏற்றுக்கொண்டார்.

அச்சும் ஒப்படைப்பும்

24-க்கு 20 அளவில் பெரிதாக்கும் யோசனை ஒன்று இடையில் வந்தது. அங்குலத்துக்கு 200 புள்ளிகள் என்ற கணக்கில் அதை அச்சிட முடியும். கூடத்துச் சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்குக் குறையும் தெரியாது. ஆனால் அந்த அளவில் நிரப்பிய தாடைப்பகுதி மட்டும் பக்கத்துத் தோலைவிட மழமழவென்று தனித்துத் தெரியும் என்பதை ஒரு துண்டு அச்சிட்டுக் காட்டினோம். கடிதத்தில் எழுதிய அளவுகளே போதும் என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள்.

நான்கு பிரதிகளையும் மேட் தாளில், பிக்மென்ட் மையில் அச்சிட்டோம். சீரமைத்த டிஃப் கோப்பு, எந்தத் திருத்தமும் செய்யாத படியெடுப்புக் கோப்பு, இவற்றோடு நிரப்பிய பகுதியைச் சிவப்புக் கோட்டால் சுற்றிக் காட்டும் ஒரு பிரதி ஆகிய மூன்றையும் பென்டிரைவில் கொடுத்தோம். மூன்றாவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாளைக்கு இதைவிடத் தெளிவான இன்னொரு துணைப்படம் எங்காவது கிடைத்தால், எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பது அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

மூலப் படத்தைக் கண்ணாடியோடு, அமிலமில்லாத தாளில் சுற்றி, கெட்டி அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டில் வைத்துத் திருப்பித் தந்தோம். அதை மீண்டும் தொங்கவிட வேண்டாம், பிளாஸ்டிக் உறையில் போட வேண்டாம், காற்றோட்டமுள்ள உலர்ந்த அலமாரியில் வைக்கவும் என்று சொன்னோம். 12-க்கு 10 பிரதிக்கு நாங்களே சட்டம் போட்டுக் கொடுத்தோம். நடுவில் சாளரம் போல வெட்டிய மவுண்ட் அட்டையைப் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைத்ததால் படம் கண்ணாடியைத் தொடாது.

பின்னர் நடந்தது

மற்ற மூன்று பிரதிகளையும் பிள்ளைகள் அவரவர் ஊரில் சட்டம் போட்டுக்கொண்டார்கள். அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் மகனிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருடைய பிரதியை அங்கிருந்த கடையில் மவுண்ட் அட்டை இல்லாமல் கண்ணாடியோடு அழுத்திப் போட்டிருந்தார்கள். மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டியிருந்ததால், கீழ்மூலையில் உள்ளங்கையளவுக்குக் கறுத்த, ஈரமான திட்டு தெரிந்தது. கோப்பு கையில் இருந்ததால் வேறொரு பிரதியை அச்சிட்டு, இம்முறை மவுண்ட் அட்டையோடு சட்டம் போட்டே அனுப்பினோம். தாயாரிடம் உள்ள பிரதியும் மற்ற இரண்டும் நன்றாக இருப்பதாக மகள் தெரிவித்தார்.

குழுப்படம் வைத்திருந்த அத்தை, தம் படத்தையும் படியெடுத்து வைக்க வேண்டும் என்று பின்னர் கேட்டு அனுப்பினார். அது வெள்ளத்தில் நனையாதது, கண்ணாடியில்லாமல் ஆல்பத்தில் ஒட்டியிருந்தது. ஆல்பத்திலிருந்து எடுக்காமல் அப்படியே படியெடுத்துக் கொடுத்தோம்.

நடைமுறையில் இப்போது மாறியிருப்பவை

இந்தப் பணிக்குப் பிறகு, நனைந்த படம் என்று யார் தொடர்புகொண்டாலும், கேள்விகளை எழுதி அனுப்பிக் காத்திருக்காமல் தொலைபேசியில் அழைத்து, கண்ணாடியிலிருந்து பிரிக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். உரித்துவிட்டவர்களிடம், கண்ணாடியையும் உரிந்த துணுக்குகளையும் ஒரு தாளில் மடித்துக் கொண்டுவரச் சொல்கிறோம்.

கோரிக்கைக் கடிதத்தில் மச்சம், தழும்பு, பல் அமைப்பு போன்ற அடையாளங்களை எழுதித் தருமாறும், மாதிரியை ஏற்கும் அதிகாரம் குடும்பத்தில் யாருக்கு என்பதைக் குறிப்பிடுமாறும் கேட்கிறோம். முகத்தில் ஒரு பகுதியை நிரப்ப வேண்டிய பணிகளில் கைப்பேசி மாதிரியை அனுப்புவதை நிறுத்திவிட்டு, மூல அளவில் அச்சிட்ட துண்டு மாதிரியையே கொடுக்கிறோம். சட்டம் போடாமல் கொடுக்கும் ஒவ்வொரு பிரதியின் உறையிலும், கண்ணாடி படத்தைத் தொடாதபடி மவுண்ட் அட்டை வைத்துச் சட்டம் போட வேண்டும் என்று அச்சிட்ட சீட்டு ஒன்று இருக்கிறது. சட்டம் போடும் கடைக்காரரிடம் காட்டுவதற்காக, அட்டை எவ்வளவு கனம், எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதைக் காட்டும் சிறு வரைபடத்தையும் அதில் சேர்த்திருக்கிறோம்.